சிலிப்பர், சல்லி, உள்ளகலம்: ஒரு கையேட்டைத் தமிழாக்கும் பாடம்

உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுக்கும்போது பெரும்பாலும் ஒரு சிறுகதையையோ பத்திரிகைச் செய்தியையோ எடுப்பது வழக்கம். இம்முறை புகையிரதப் பாதை பராமரிப்புக் கையேடொன்றின் ஒரு பகுதியை எடுத்தேன். கதையில் ஒரு சொல் பிழைத்தால் வாசகர் முகம் சுளிப்பார், அத்துடன் முடிந்துவிடும். கையேட்டில் ஒரு சொல் பிழைத்தால், அதை வாசித்து வேலை செய்பவரின் கை தவறான இடத்தில் இறங்கும். அந்தப் பாதையில்தான் அடுத்த கோச்சி வரும். வகுப்பில் நாங்கள் கற்றதை மற்ற மாணவிகளும் பெற்றோரும் அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

கொழும்பிலிருந்து வரும் மலையகப் பாதை 1924இல் பதுளையை வந்தடைந்தது. இதில் 44 அடிக்கு ஓர் அடி என ஏறும் சரிவுகள் உண்டு. 5 சங்கிலி ஆரமுள்ள, அதாவது ஏறத்தாழ 100 மீற்றர் ஆரமுள்ள வளைவுகளும் உண்டு. தெமோதரையில் நிலையத்தை விட்டுப் புறப்படும் பாதை குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்தால் நுழைந்து பதுளைப் பக்கம் வருகிறது. இத்தகைய பாதையை ஒழுங்காக வைத்திருப்பது நேர்ச் சமவெளிப் பாதையைப் பராமரிப்பதைவிடக் கடினமான வேலை.

எமது பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், பழைய கணக்கில் ஐந்தரை அடி. இந்தியாவின் அகலப் பாதையும் இதே அளவுதான். ஆகவே இந்திய இரயில்வேயின் நிரந்தரப் பாதைக் கையேட்டிலிருந்து, தொழிலாளர் கையால் சல்லியை இறுக்கிப் பாதையைச் சீர்செய்யும் முறையை விளக்கும் பகுதியைத் தெரிவு செய்தேன். இயந்திரங்கள் வந்த பின்னும், இயந்திரம் போக முடியாத இடங்களில் இவ்வேலை கையாலேயே நடக்கிறது. சொற்களைச் சரிபார்க்க, ஹாலி-எலப் பக்கத்தில் வசிக்கும், பாதை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் எங்கள் குறிப்புப் புத்தகத்துடன் சென்றேன்.

திறப்பதா, தோண்டுவதா?

அந்த வேலையின் முதற்படிக்குக் கையேட்டில் உள்ள ஆங்கிலப் பெயர் ‘ஓப்பனிங் ஒஃப் ரோட்’. வகுப்பில் வந்த முதல் பதில் ‘பாதையைத் திறத்தல்’. அகராதியைப் பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியாது. பெரியவரிடம் அதை வாசித்துக் காட்டினேன்.

“டீச்சர், பாதைய தொறந்தாச்சின்னா கோச்சி வரலாமுன்னு அர்த்தம். இங்க நீங்க சொல்றது சல்லிய வெட்டி எடுக்கிற வேல. ரெண்டும் நேர்மாறு” என்றார் அவர்.

மண்சரிவுக்குப் பின் ‘பாதை திறக்கப்பட்டது’ என்று வானொலியில் கேட்டால் நாம் என்ன விளங்கிக்கொள்கிறோம்? போக்குவரத்துத் தொடங்கிவிட்டது என்றே. ஆனால் கையேட்டில் அதே சொல்லுக்குப் பொருள், சிலிப்பர்களைச் சுற்றியுள்ள கல்லை அகற்றிப் பாதையின் பிடிமானத்தைத் தற்காலிகமாகக் குறைப்பது. வண்டிகள் வேகம் குறைத்து, எச்சரிக்கையுடன் வரவேண்டிய வேளை அது. ஆகவே நாங்கள் எழுதியது ‘சல்லியை அகற்றல்’. அதில் பாதை என்ற சொல்லும் இல்லை, திறத்தல் என்ற சொல்லும் இல்லை. ஆயினும் அங்கே நடக்கும் வேலை அதில் இருக்கிறது.

இதிலிருந்து மாணவிகள் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சொல்லைக் கேட்டவர் என்ன செய்வார்? அவர் செய்வது கையேடு சொல்வதாக இருந்தால் சொல் சரி. இல்லையென்றால் அது எவ்வளவு தூய தமிழாயினும் பிழை.

கேஜ் என்ற ஒரு சொல்லில் மூன்று பொருள்கள்

கேஜ் என்ற சொல் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அது ஓரிடத்தில் 1676 மில்லிமீற்றர் என்ற தூரத்தைக் குறிக்கிறது. இன்னோரிடத்தில் அத்தூரத்தை அளக்கும் இரும்புக் கோலைக் குறிக்கிறது. மற்றோரிடத்தில் அத்தூரத்தைச் சரிப்படுத்தும் வேலையைக் குறிக்கிறது. தமிழில் மூன்றுக்கும் மூன்று சொல் தேவை என்பதை மாணவிகள் விரைவாகவே கண்டுகொண்டார்கள். முதற்பொருளுக்கு எந்தச் சொல் என்பதில்தான் விவாதம் எழுந்தது.

‘பாதை அகலம்’ என்றால், சல்லி மேட்டின் இரு ஓரங்களுக்கு இடைப்பட்ட அகலம் என்றும் கொள்ளலாம். ‘தண்டவாள இடைவெளி’ என்பது இன்னும் சிக்கலானது. ஒரு தண்டவாளத் துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டில், வெயிலில் இரும்பு நீள்வதற்காகச் சில மில்லிமீற்றர் இடம் விட்டிருப்பார்கள். அதையும் தண்டவாள இடைவெளி என்றே எவரும் சொல்வர். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டு, ‘இடைவெளி கூடியிருந்தால் சரிசெய்க’ என்று கட்டளையிட்டால், வேலை செய்பவர் எந்த இடைவெளியைப் பார்ப்பார்?

அப்போது ஒரு மாணவி, இது எங்கிருந்து எங்கே அளக்கப்படுகிறது என்று கேட்டாள். விடை அக்கேள்வியிலேயே இருந்தது. ஒரு தண்டவாளத்தின் தலைப்பகுதியில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, உட்பக்க முகத்திலிருந்து மற்றத் தண்டவாளத்தின் உட்பக்க முகம் வரைதான் அளவு. சக்கரத்தின் விளிம்பு உரசும் இடம் அதுவே. ஆகவே ‘உள்ளகலம்’ என்றோம். கோலுக்கு ‘உள்ளகலக் கோல்’, வேலைக்கு ‘உள்ளகலம் சரிபார்த்தல்’. வழக்கில் ஊன்றிவிட்ட ‘அகலப் பாதை’ என்ற பெயரை மாற்றவில்லை. அது பாதையின் வகைக்குப் பெயர்; அளவுக்கான சொல் அல்ல.

உள்ளகலம் அளவைவிடக் கூடிப்போவதை ஆங்கிலத்தில் ‘ஸ்லாக்’ என்பார்கள். தளர்வு என்பது அகராதிப் பொருள். ‘தளர்ந்த உள்ளகலம்’ என்று எழுதினால், வேலையாள் ஆணியும் பிடியும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். அவை இறுகியே இருக்கக்கூடும். ஆனால் தண்டவாளத்தின் தலை உட்பக்கம் தேய்ந்ததாலோ, மரச் சிலிப்பரில் ஆணித்துளை பெருத்ததாலோ அளவு கூடியிருக்கலாம். ஆகவே ‘கூடிய உள்ளகலம்’, ‘குறைந்த உள்ளகலம்’ என்று நேராகவே எழுதினோம்.

மலைப்பாதைக்கு இதில் இன்னொரு விடயம் உண்டு. இயந்திரத்தின் சக்கரங்கள் ஒரே சட்டத்தில் நேர்வரிசையாகப் பூட்டப்பட்டவை. அவை நெருங்கிய வளைவில் இறுகாமல் திரும்ப, அங்கே உள்ளகலத்தை வேண்டுமென்றே சில மில்லிமீற்றர் கூட்டி அமைப்பார்கள். எனவே ‘1676 மில்லிமீற்றருக்குச் சரிசெய்க’ என்று மொழிபெயர்ப்பாளர் எண்ணைத் தாமாகச் சேர்க்கக் கூடாது. ‘அவ்விடத்துக்குக் குறித்த உள்ளகலத்துக்கு’ என்பதே சரி.

நேராக்குவதா, சீராக்குவதா?

சிலிப்பரோடு சேர்த்துப் பாதையை அலவாங்குகளால் பக்கவாட்டில் நெம்பி, இருக்கவேண்டிய கோட்டுக்குக் கொண்டுவருவது இன்னொரு படி. ‘பாதையை நேராக்குதல்’ என்று பலர் எழுதியிருந்தார்கள். சமவெளியில் அது பொருந்தும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் நேரான துண்டைத் தேடித்தான் பார்க்கவேண்டும். அங்கே பாதை இருக்கவேண்டிய கோடே வளைவு. ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலும் தண்டவாளம் வளைந்துதான் செல்கிறது. வளைவை ‘நேராக்க’ முயன்றால் ஓரிடத்தில் தட்டையும் அடுத்த இடத்தில் முழங்கை போன்ற மடிப்பும் உண்டாகும். வண்டி அவ்விடத்தில் பக்கவாட்டில் வெட்டி இழுக்கும். நாங்கள் ‘பாதையின் போக்கைச் சீராக்குதல்’ என்று எழுதினோம். நேர்ப்பாதைக்கும் வளைவுக்கும் அது ஒருங்கே பொருந்துகிறது.

சரளை வேறு, சல்லி வேறு

பலாஸ்ட் என்பதற்குத் தமிழ் அகராதிகளில் ‘சரளைக்கல்’ என்று காணலாம். நம் பகுதியில் சரளை என்றால் தோட்டத்து வீதிகளில் கொட்டும், மண் கலந்த சிறுகல் நினைவுக்கு வரும். ஆற்றில் உருண்டு மழமழவென்றான கல்லையும் சிலர் அப்படிச் சொல்வர். பாதைக்கு இவ்விரண்டும் ஆகாது.

பாதைக்குத் தேவையானது, கருங்கல்லை உடைத்து எடுத்த, கூரிய விளிம்புகளுள்ள கல். இந்திய அளவின்படி, பெரும்பாலும் 20 முதல் 65 மில்லிமீற்றர் வரை. உடைத்த கற்கள் ஒன்றின் மூலையில் ஒன்று கொளுவி நிற்பதால் சிலிப்பர் நழுவாது. நடுவே வெற்றிடங்கள் இருப்பதால் மழைநீர் வடிந்துவிடும். உருண்டைக் கல் கொளுவாது. மண் கலந்த கல் நீரைப் பிடித்து வைக்கும். ஆகவே நாங்கள் ‘சல்லி’ என்றே எழுதினோம். வீடு கட்டும் எவருக்கும் அது தெரிந்த சொல். முதலில் வருமிடத்தில் மட்டும் ‘உடைத்த கருங்கற் சல்லி’ என்று விரித்தோம்.

நல்ல சல்லியும் கெட்டுப்போகும். பதுளையில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையில், வெட்டிய மலைச்சரிவிலிருந்து சேறு வழிந்து கற்களின் நடுவே நிரம்புகிறது. வண்டி போகும்போது சிலிப்பர் அமுங்கி எழும். அதனடியில் தேங்கிய நீர் சேற்றை மேலே பீச்சும். அடுத்த தடவை நிலையத்தில் நிற்கும்போது பாருங்கள். மற்றக் கற்கள் சுத்தமாக இருக்க, ஒரு சிலிப்பரைச் சுற்றி மட்டும் சேறு பூசியிருந்தால் அச்சிலிப்பர் ஆடுகிறது. வெயிற்காலத்தில் அதே இடத்தில் கல் உரசிய வெண்தூள் படிந்திருக்கும். காது கொண்டும் கண்டுபிடிக்கலாம் என்றார் பெரியவர். “சிலிப்பரு மேல தட்டினா அது பேசும் டீச்சர். அடியில கல்லு இருந்தா கட்டியா கேக்கும். இல்லாட்டி ஓட்ட டின்னுல தட்டினாப்போல கேக்கும்.”

சிலிப்பரை ஏன் மாற்றவில்லை?

‘துயிலி’, ‘உறங்குகட்டை’ என்றெல்லாம் மாணவிகள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். ‘குறுக்குக்கட்டை’ என்பது நல்ல முயற்சி. பழைய பாதைக்கு அது பொருந்தும். ஆனால் கட்டை என்றால் மரம். இன்று கொங்கிறீட்டிலும் இது செய்யப்படுகிறது. ‘கொங்கிறீட் குறுக்குக்கட்டை’ என்றால் முரணாக ஒலிக்கிறது. மேலும் மரத்துக்கும் கொங்கிறீட்டுக்கும் பராமரிப்பு முறை வேறு. மரத்தில் பழைய துளையை அடைத்துப் புதிதாகத் துளையிட்டு ஆணி இறக்கலாம். கொங்கிறீட்டில் தண்டவாளப் பிடிகளின் இடம் வார்க்கும்போதே அமைந்துவிடுகிறது. ஆகவே பொருளைப் பிரித்துக் காட்டும் பெயர் வேண்டும்.

தோட்டத்து லயத்திலும் பதுளைக் கடைத்தெருவிலும் ‘சிலிப்பர்’ என்றால் யாவருக்கும் விளங்கும். சிங்களத்திலும் ‘சில்பர’ என்றே வழங்குவதால், சிங்களம் பேசும் சக தொழிலாளியும் அதைப் பிடித்துக்கொள்வார். ‘மரச் சிலிப்பர்’, ‘கொங்கிறீட் சிலிப்பர்’ என்று வைத்துக்கொண்டோம். இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நம் வாயில் ஊறியதே. ஆனால் தோட்டத்தில் லைன் என்றால் குடியிருப்பு வரிசை. அதனால் அச்சொல்லைக் கையேட்டில் முற்றாகத் தவிர்த்தோம். கடன்சொல் ஒரே பொருள் தரும் இடத்தில் அதை ஏற்றோம். இரு பொருள் தரும் இடத்தில் விலக்கினோம்.

‘தண்டவாளம்’ என்ற நம் சொல்லையே இப்படிச் சோதிக்க வேண்டியிருந்தது. பேச்சில் அது இரும்பையும் குறிக்கும், சிலிப்பர் சல்லியோடு சேர்ந்த முழுப் பாதையையும் குறிக்கும். கையேட்டில் இரும்புக்கு மட்டும் ‘தண்டவாளம்’, முழுவதற்கும் ‘பாதை’ என்று முதற்பக்கத்திலேயே வரையறுத்தோம்.

ஒரு வசனத்தை முழுமையாகப் பார்ப்போம்

சல்லியை இறுக்கும் படிதான் இவ்வேலையின் உயிர். ‘சிலிப்பரின் அடியில் நன்றாகச் சல்லி இறுக்குக’ என்று ஒரு குழு எழுதியிருந்தது. வாசிக்க இனிமையான வசனம். ஆனால் மூலம் சொல்வது அதுவல்ல. தண்டவாளம் அமரும் இடத்தின் இருபுறமும் மட்டுமே இறுக்கவேண்டும். உட்பக்கமாக 450 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது.

ஏன் இந்த வரம்பு? அகலப் பாதையின் மரச் சிலிப்பர் 2750 மில்லிமீற்றர் நீளம். இரு தண்டவாளங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 1750. மீதி 1000. ஆகவே தண்டவாளத்துக்கு வெளியே இருபுறமும் 500 வீதம் நீண்டிருக்கும். வெளியே ஏறத்தாழ 500, உள்ளே 450 என்று கல் இறுகினால், தண்டவாளத்தின் பாரத்துக்கு இருபுறமும் ஏறக்குறையச் சமமான தாங்கல் கிடைக்கிறது. நடுவில் எஞ்சும் ஏறத்தாழ 850 மில்லிமீற்றரில் கல் இருக்கலாம், இறுகியிருக்கக் கூடாது.

நடுவும் இறுகினால் என்ன ஆகும்? நடுவில் கல் வைத்த பலகையின் இரு நுனியிலும் இரு பிள்ளைகள் அமர்ந்ததுபோல, சிலிப்பர் நடுவைத் தாங்கலாகக் கொண்டு ஆடும். வண்டியும் இடம் வலமாக ஆடும். நாளடைவில் சிலிப்பரின் நடுப்பகுதி மேற்புறம் வெடிக்கும். நன்றாக வேலை செய்ய நினைத்தவர், ‘நன்றாக’ என்ற சொல்லை நம்பியதால் வந்த வினையாக அது முடியும். உரிச்சொல்லை எடுத்துவிட்டு அளவை எழுதினோம்.

‘பாக்கிங்’ என்பதற்குப் ‘பொதி செய்தல்’ என்றும், கடைசிப் படியான ‘பொக்சிங்’ என்பதற்குப் ‘பெட்டியிடல்’ என்றும் எழுதியவர்களுக்கு, அங்கே பொதியும் இல்லை, பெட்டியும் இல்லை என்று சுட்டிக்காட்டினால் போதுமானதாக இருந்தது. முன்னது சல்லி இறுக்குதல். பின்னது எடுத்த சல்லியைத் திரும்ப நிரப்பி ஓரங்களை ஒழுங்குபடுத்துதல்.

எங்கள் வகுப்பின் தமிழ் வடிவத்தைச் சுருக்கித் தருகிறேன்:

1. சிலிப்பரின் அடிமட்டத்துக்குக் கீழே 50 மில்லிமீற்றர் ஆழம் வரை சல்லியை அகற்றுக. வெளிப்பக்கம் சிலிப்பரின் நுனி வரையும், உட்பக்கம் தண்டவாளம் அமரும் இடத்திலிருந்து 450 மில்லிமீற்றர் வரையும் அகற்றுக.
2. தண்டவாளம், சிலிப்பர், பிடிகள் ஆகியவற்றைப் பரிசோதிக்குக.
3. சாய்ந்து கிடக்கும் சிலிப்பர்களைத் தண்டவாளத்துக்குச் செங்குத்தாகத் திருப்புக.
4. அலவாங்கால் நெம்பிப் பாதையின் போக்கைச் சீராக்குக.
5. உள்ளகலக் கோலால் அளந்து, அவ்விடத்துக்குக் குறித்த உள்ளகலத்துக்குச் சரிசெய்க.
6. தண்டவாளம் அமரும் இடங்களின் கீழ் சல்லியை இறுக்குக. ஒவ்வொரு தண்டவாளத்திலும் இருவர், ஒரே நேரத்தில், எதிரெதிர் மூலைகளிலிருந்து இறுக்கவேண்டும். சிலிப்பரின் நடுவில் இறுக்கக் கூடாது.
7. தண்டவாள மூட்டுக்கு அண்மையிலுள்ள சிலிப்பர்களை இரண்டாம் முறை இறுக்குக.
8. சல்லியைத் திரும்ப நிரப்பி ஓரங்களை ஒழுங்குபடுத்துக.

இதை வாசித்துக் காட்டியபோது பெரியவர் ஆறாம் படியில் நிறுத்தச் சொன்னார். “ஒருத்தன் மட்டும் ஒரு பக்கமா அடிச்சா கல்லு மத்தப் பக்கம் ஓடிரும். ரெண்டு பேரு எதிரும் புதிருமா அடிச்சாத்தான் நிக்கும். அத எழுதியிருக்கீங்க, சரி” என்றார். ஏழாம் படிக்கும் காரணம் சொன்னார். மூட்டில் சக்கரம் ஒவ்வொரு முறையும் தட்டுவதால் அங்குள்ள கல்தான் முதலில் இளகும்.

அடுத்த தவணைக்கான பயிற்சி இது. சரிவுப் பாதையில் வண்டிகள் தடை போட்டு இறங்கும்போது தண்டவாளம் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நகரும். இதை ஆங்கிலத்தில் ‘கிரீப்’ என்பர். ஊர்தல், நழுவல், சறுக்கல் என மூன்று சொற்கள் இப்போது கரும்பலகையில் இருக்கின்றன. சறுக்கல் என்றால் திடீரென நடப்பது. நழுவல் என்றால் பிடி விட்டுப்போவது. தண்டவாளமோ மாதக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாமல் நகர்கிறது. மேற்பக்க மூட்டுகளில் இடம் விரிந்தும் கீழ்ப்பக்க மூட்டுகளில் இடமே இல்லாமலும் போவதைக் கொண்டுதான் அதைக் கண்டுபிடிக்க முடியும். மூன்றில் எந்தச் சொல், அதை வாசிப்பவரை மூட்டுகளைப் போய்ப் பார்க்க வைக்கும் என்பதைக் காரணத்துடன் எழுதி வாருங்கள்.